ஜெயரட்ணம் சேரின் டைல் துண்டுகள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தம்புள்ளையில் லொறிகளுக்கு மரக்கறி மூட்டை ஏற்றிய இதே தோளால்தான் மாத்தளை டவுனில் மாடிக்கட்டடம் எழுப்பினேன். கீழே என் டைல் கடை. மேலே உள்ள ஹோலை ஜெயரட்ணம் சேருக்கு உயர்தரப் பரீட்சைக்கான ஐ.சி.டி., அதாவது கம்பியூட்டர் வகுப்பு நடத்தக் கொடுத்திருந்தேன். பெரிய பெரிய ஆட்களை எல்லாம் பார்த்தவன் நான். ஆனால் ஒருவரைப் பற்றி எழுது என்றால், இவரைப் பற்றித்தான் எழுதுவேன்.

யாழ்ப்பாணத்துப் பக்கத்து மனிதர். அரசாங்க ஆசிரியராக இங்கே வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி பாலேஸ்வரி அக்கா, ஒரு பழைய மொரிஸ் கார், சனிக்கிழமை வகுப்பு. அவ்வளவுதான் அவருடைய உலகம். வகுப்பில் கம்பியூட்டரை அவர் அதிகம் தொடமாட்டார். என் கடையில் உடைந்த டைல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, மார்க்கரால் ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதி, மேசையில் வரிசையாக வைத்துவிடுவார். கம்பியூட்டர் செய்வதைக் கையால் செய்து பார்க்காதவனுக்கு அது ஒருநாளும் பிடிபடாது என்பது அவர் கட்சி.

படியேறிப் போய்க் கதவோரம் நின்று நானும் கற்றுக்கொண்டேன். யாரும் எனக்குத் தனியாகச் சொல்லித் தரவில்லை. 7, 3, 9, 2, 5 என்று துண்டுகள் இருக்கும். அவற்றைச் சின்னதிலிருந்து பெரியதுக்கு அடுக்க வேண்டும். பபிள் சோட் என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டை மட்டும் பார்க்க வேண்டும். இடப்பக்கம் பெரிதாக இருந்தால் இடம் மாற்ற வேண்டும். ஏழும் மூன்றும் மாறும். ஏழும் ஒன்பதும் சரி, விடலாம். ஒன்பதும் இரண்டும் மாறும். ஒன்பதும் ஐந்தும் மாறும். ஒரு சுற்று முடிந்ததும் 3, 7, 2, 5, 9. பெரியது கடைசிக்குப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் 3, 2, 5, 7, 9. இன்னொரு சுற்றில் 2, 3, 5, 7, 9. அதற்குப் பிறகும் ஒரு சுற்று போவார். அதில் ஒன்றுமே மாறவில்லை என்றால்தான் நிறுத்துவார்.

செலெக்சன் சோட் வேறு மாதிரி. முழு வரிசையையும் ஒருமுறை பார்த்து, ஆகச் சின்னது எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டே போய், கடைசியில் அதை முதலாவதோடு மாற்ற வேண்டும். அதே 7, 3, 9, 2, 5 இல் இரண்டும் ஏழும் இடம் மாறி 2, 3, 9, 7, 5 ஆகும். முதலாவது இடம் முடிந்தது. அதை இனி யாரும் தொடமாட்டார்கள். அடுத்தது மூன்று, இருந்த இடத்திலேயே சரி. பிறகு ஐந்தும் ஒன்பதும் மாறினால் வேலை முடிந்தது. பபிளில் ஆறு தரம் மாற்றியது, இதில் இரண்டே தரம். வியாபாரிக்கு எது பிடிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

போன வருடம் ஒரு கதை கிளம்பியது. சேர் ஒரே பாடத்தை இரண்டு கிழமை எடுக்கிறாராம், பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறாராம். பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது தாய் தகப்பன்மார் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றப் பார்த்தார்கள். சேர் என்னிடம் வந்து, இந்த பேட்சைப் பரீட்சை வரை கொண்டுபோய்விட்டால் போதும், அதற்குப் பிறகு தானே நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். நான்தான் யோசனை சொன்னேன். ஒரு சனிக்கிழமை பெற்றோரை வகுப்புக்கே கூப்பிடுவோம், உங்கள் படிப்பை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றேன்.

பதினாலு பேர் வந்தார்கள். கட்டடச் சொந்தக்காரன் பின்னால் இருக்க முடியுமா? முதல் வரிசையில், மேசையை ஒட்டி, எப்போதும் நுஸ்லா என்கிற பிள்ளை உட்காரும் கதிரையைக் கேட்டேன். அவள் எழும்ப மனமில்லாமல் நின்றாள்.

"ஹாஜியார், நான் இங்கனையே இருக்கேனே. சேருக்குப் பக்கத்துல இருக்கணும்."

"ஒரு நாளைக்கிப் பின்னுக்கு இருந்தா படிப்பு ஓடிப் போயிருமா? போ மகள்" என்று அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

சேர் முதலில் பபிளைச் செய்தார். ஒரு பிழையில்லை. பெற்றோர் தலையாட்டினார்கள். பிறகு செலெக்சனுக்கு ஆறு துண்டுகள் வைத்தார்: 14, 6, 11, 3, 9, 4. விரலை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போனார். ஆறில் நின்றார். மூன்றில் நின்றார். ஒன்பதைத் தாண்டி நாலுக்கு வந்ததும், "இதுதான் ஆகச் சின்னது" என்று நாலை எடுத்துப் பதினாலின் இடத்தில் வைத்துவிட்டார்.

நான்தான் சிரித்தேன்.

"சேர், மூணு அங்கன கெடக்குது. நாலத் தூக்கி மொதல்ல வெச்சிட்டீங்களே. மூணாங் கிளாஸ் படிச்ச எனக்கே வெளங்குதே."

அவர் துண்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த சுற்றைத் தொடங்கினார். முதலாவது இடத்தைத்தான் இனித் தொடமுடியாதே. இறுதியில் மேசையில் இருந்தது 4, 3, 6, 9, 11, 14. பின்னால் கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது.

அன்றைக்கே பதினொரு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் இறங்கிப் போன பிறகு நுஸ்லா மட்டும் மேசையடியில் நின்றாள். அழுதிருந்தாள்.

"சேருக்கு ஆகச் சின்னது மறந்து போயிரும் ஹாஜியார். அவர் வெரல் அதத் தாண்டினதும் அவர் கண்ணுல படுற மாதிரி நான் அந்தத் துண்ட மெல்ல இந்தப் பக்கம் இழுத்து வெப்பேன். மத்தவங்களுக்கும் தெரியும். ரெண்டு மாசமா அப்பிடித்தான் செஞ்சோம்."



மறுநாள் பாலேஸ்வரி அக்கா ஹோலின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னைக் குறை சொல்லவில்லை. மறதி நோய் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது, பரீட்சை வரை தாக்குப்பிடிப்பார் என்று நினைத்தோம் என்று மட்டும் சொன்னார். அந்த ஹோலை நான் இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் பலர்.

மூன்று கிழமை கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. புதிய டைலில் அழகாகத் துண்டுகள் வெட்டி, எண் எழுதிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் எனக்கு அந்த வார்த்தைகள் பழக்கமில்லை. துண்டுகளை மேசையில் வைத்தேன்.

அவர் என்னை அடையாளம் கண்டார். அன்று நல்ல நாள்.

"யஹ்யா நானா, நீங்கள் சொன்னது சரிதானே. மூண்டு அங்கைதான் கிடந்தது" என்றார். பிறகு, "பபிளில பக்கத்தில நிக்கிற ரெண்டைப் பார்த்தால் போதும். மற்றதுக்கு ஒண்டை மனசில பிடிச்சுக்கொண்டு போகவேணும். அதுதான் எனக்கு நழுவிப் போகுது" என்றார்.

சொல்லிக்கொண்டே 7, 3, 9, 2, 5 என்று துண்டுகளை வைத்துத் தொடங்கினார். ஏழும் மூன்றும் மாறின. ஏழும் ஒன்பதும் சரி. எல்லாம் பழையபடி, பிழையில்லாமல். 2, 3, 5, 7, 9 என்று வந்து நின்றது. ஒரு சுற்று சரிபார்த்தார். ஒன்றும் மாறவில்லை. நான் மூச்சு விட்டேன்.

அவர் நிமிர்ந்து, "இந்தச் சுற்றில நான் ஏதாவது மாத்தினனானோ?" என்று கேட்டார்.

"இல்ல சேர்."

தலையாட்டிவிட்டு யன்னல் பக்கம் பார்த்தார். பாலேஸ்வரி அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திரும்பி மேசையைப் பார்த்தவர், முதல் இரண்டு துண்டுகளில் விரலை வைத்தார். இரண்டு, மூன்று, சரி. மூன்று, ஐந்து, சரி. கடைசி வரை போனார். மாற்றியது நினைவில்லை, மாற்றாததும் நினைவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

நான் நிறுத்தவில்லை. தேத்தண்ணீர் ஆறும் வரை அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு முறை அவர் கேட்டபோதும், "இல்ல சேர், ஒண்ணும் மாறல்ல" என்று சொன்னேன்.