மூன்றாவது பெட்டியில் நான் கேட்டது

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை பொய் எழுதும் பருவம் வரும். மார்ச்சில் எழுதுவது பெரிய பொய். துர்கா பூஜைக்கு முன்னால் எழுதுவது சின்னப் பொய், அதற்கு அரையாண்டுக் குறிப்பு என்று பெயர். கணினியில் மூன்று பெட்டிகள் திறக்கும். ஏப்ரலிலிருந்து என்ன முடித்தாய், என்ன தடங்கல், மேலாளரிடமிருந்து என்ன உதவி வேண்டும். முதல் பெட்டியில் எல்லோரும் அளந்துவிடுவோம். இரண்டாவதில் ‘குறிப்பிடும்படி ஏதுமில்லை’ என்று போடுவோம். மூன்றாவதில் ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பைக் கேட்போம். வகுப்பு நடக்காது, நடந்தாலும் யாரும் போகமாட்டோம். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

சால்ட் லேக் செக்டர் ஃபைவில், வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட். கோடையில் எங்கள் டீம் லீட் வேலையை விட்டுப் போனார். அவர் நாற்காலி காலியாக இருந்தது, அவர் வேலை என் மேஜைக்கு வந்தது. யாருக்கு எத்தனை கோப்பு என்று பிரிப்பது, தப்புகளைப் பிடிப்பது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். பதவி மட்டும் வரவில்லை. பூஜை முடிந்ததும் அறிவிப்பு வரும் என்றார்கள். எனக்கு அந்தப் பதவி வேண்டும். வேண்டும் என்றால் சும்மா ஆசை இல்லை. ஷிஃப்ட் பட்டியலைப் போடுவது லீட். என் கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். பவானிபூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் பகல் நேரத்தில்தான் இடம் கிடைத்தது. அவரை அங்கே படுக்க வைத்துவிட்டு மெட்ரோ, பஸ் என்று நான் செக்டர் ஃபைவுக்கு ஓடுவேன். முடிந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக வீடு திரும்புவார். லீட் ஆனால் அந்த இரண்டு நாளும் எனக்கு ஏற்றபடி ஷிஃப்ட்டைப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் மேலாளர் சென்னைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். மாற்றலில் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மற்றவர்கள் முன்னால் ஆங்கிலத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தனியாக இருந்தால் ‘அக்கா’. இதை எப்படிச் சொல்வது? நான் பிறந்தது, படித்தது எல்லாம் இந்த ஊரில். எனக்குத் தமிழ் என்றால் சமையலறை, படுக்கையறை, அம்மாவின் தொலைபேசி, அவ்வளவுதான். வெளியே வங்காளம், அலுவலகத்தில் ஆங்கிலம். தமிழில் என்னிடம் பேசிய எவரும் அதுவரை எனக்கு அந்நியராக இருந்ததில்லை. அதனால் அந்த மனிதர் ‘அக்கா’ என்று சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார் என்றே என் மூளை எடுத்துக்கொண்டது. படித்த முட்டாள் நான்.

வழக்கம்போல ஒரு சொத்தைக் குறிப்பை எழுதி வைத்திருந்தேன். அதைச் சமர்ப்பிக்கும் முன் அவர் பார்க்கக் கேட்டார். பார்த்துவிட்டு, கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனார். தெரு முழுக்கப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்னக்கா இது, ஊருக்கே தெரிஞ்ச பொய்ய எழுதி வெச்சிருக்கீங்க?” என்றார். “ஆறு மாசமா நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா? அத எழுதுங்க. நீங்க எழுதுனாதான நான் மேல போய்ச் சண்ட போட முடியும்?”

“எழுதினா மேல இருக்கறவா தப்பா நினைக்க மாட்டாளா சார்?”

“யாரு பாக்கப் போறா? நமக்குள்ள இருக்கறதுதான. வீட்டு விஷயமும் போடுங்க. அண்ணனுக்கு டயாலிசிஸ்னு தெரிஞ்சா யாராவது மாட்டேன்னு சொல்லுவாங்களா?”

‘நமக்குள்ள’ என்றாரே, அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். என் கணவரை ‘அண்ணன்’ என்றாரே, அதில் எழுந்திருக்கவே முடியாமல் விழுந்தேன்.

பக்கத்து மேஜையில் உட்காரும் வங்காளிக்காரரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணா, என்போம்; அவர் பதினைந்து வருடம் இந்த நாற்காலிகளில் ஊறியவர். நான் மறுபடி தட்டச்சு செய்வதை எட்டிப் பார்த்துவிட்டு வங்காள மொழியில் முணுமுணுத்தார், அவருக்கு நான் தீதி, அக்கா. “தீதி, ரெண்டாவது பெட்டியில நெசத்த எழுதாத. அத நாளைக்கு யாரு படிப்பான்னு உனக்குத் தெரியாது.” எனக்குக் கோபம் வந்தது. இவருக்கு எங்கள் பேச்சு என்ன புரியும் என்று நினைத்தேன். சிரித்து மழுப்பிவிட்டேன்.

எழுதினேன். கோரிக்கைகளைக் குறித்த நாளுக்குள் முடிக்கும் இலக்குக்கு, சரியாகப் போகிறது என்னும் பச்சை போடாமல், ஆபத்தில் இருக்கிறது என்னும் மஞ்சள் போட்டேன். மூன்று பேர் போய்விட்டார்கள், புதியவர்களுக்கு வாடிக்கையாளரின் மென்பொருளில் அனுமதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது, அதுவரை அவர்கள் பங்கும் என் தலையில், அதனால் சரிபார்ப்பு பின்தங்குகிறது என்று தடங்கலில் எழுதினேன். எல்லாம் நிஜம். உதவியில் இரண்டு கேட்டேன். அனுபவமுள்ள ஒரு ஆள். கணவரின் சிகிச்சை நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி. சமர்ப்பித்தால் நம்மால் திருத்த முடியாது, மேலாளர் திருப்பி அனுப்பினால்தான் உண்டு. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சின்ன அறையில் உட்கார்ந்து பேசினோம். அவர் திரையைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“அந்த மஞ்சளைப் பச்சை ஆக்கணும்னா திருப்பி அனுப்புங்கோ சார்,” என்றேன்.

“எதுக்கு? அருமையா இருக்கு. அப்படியே இருக்கட்டும்.”

அன்று மெட்ரோவில் சந்தோஷமாகத்தான் போனேன். யாரோ ஒருவருக்கு நம் பாடு தெரிந்திருக்கிறது என்பதே பெரிய விஷயமாகப் பட்டது. அதற்கடுத்த வாரம் மேலாளர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, யாரை எங்கே வைப்பது என்று பேசி முடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் இருக்கமாட்டோம். நம் குறிப்பு இருக்கும்.

பூஜை முடிந்து திறந்த முதல் நாள். எல்லோரும் எல்லோருக்கும் ‘ஷுபோ பிஜோயா’ என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, சந்தேஷ் இனிப்புப் பெட்டி மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். திரையில் மனிதவளப் பிரிவுப் பெண்மணி இருந்தாள். மேலாளர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இவருடைய சொந்த மதிப்பீட்டின்படியே முக்கிய இலக்கு ஆபத்தில் இருக்கிறது. குழுவைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று அவரே சொல்கிறார். குடும்பச் சூழ்நிலை காரணமாக வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வர இயலாது. ஆகவே தலைமைப் பொறுப்புக்கு இப்போது தயாரில்லை, ஒன்றரை வருடம் கழித்துப் பார்க்கலாம். நான் எழுதிய வாக்கியங்கள்தான், காரணத்தை மட்டும் உருவிவிட்டிருந்தார். ஆள் போனதைப் பற்றியோ அனுமதி வராததைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. “நீங்கதானே சார் எழுதச் சொன்னேள்?” என்றேன்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நாம் ஆங்கிலத்திலேயே பேசுவோம், அழைப்பில் இன்னொருவரும் இருக்கிறார் என்றார், ஆங்கிலத்தில். அந்தப் பெண்மணி பொறுமையாகப் புன்னகைத்தாள். அவளுக்கு நான் ஏதோ வீட்டுப் பேச்சைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டியதுபோல இருந்திருக்கும்.

அழைப்பு முடிந்ததும் மறுபடி அக்கா ஆனேன். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கேட்டது ரெண்டும் கெடச்சிருக்குல்ல? அனுபவமான ஆள் கேட்டீங்க, பக்கத்து டீம்லேர்ந்து ஒரு பொண்ணு வர்றா. அவதான் லீட். ரெண்டு நாள் வொர்க் ஃப்ரம் ஹோமும் வாங்கிட்டேன். இந்த ஃப்ளோர்ல வேற யாருக்காவது கெடச்சிருக்கா சொல்லுங்க.” அவர் குரலில் பெருமை இருந்தது. அவருக்கு உண்மையிலேயே எனக்கு உதவி செய்துவிட்ட நினைப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றுகிறவனை வயிறெரிந்து திட்டலாம். நன்றி எதிர்பார்த்து நிற்கிறவனை என்ன செய்வது? கணினியில் ‘படித்தேன், ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பொத்தான் மட்டும் இருந்தது, மறுக்கப் பொத்தான் இல்லை. அழுத்தினேன். வெளியே வந்தபோது தாதா சந்தேஷ் பெட்டியை நீட்டினார்.

வீட்டில் விஷயத்தைப் பாதிதான் சொன்னேன். லீட் வேறு ஆள், ஆனால் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, இனி திரும்பும்போதும் நானே கூட வருவேன் என்றேன். “பரவாயில்லையே, கம்பெனிக்கு மனசு இருக்கு,” என்றார் என் கணவர்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் முதல் நாள் வந்தது. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நர்சிங் ஹோம் கிளம்புவதற்கு முன் புது லீட் குழுவோடு பேச வேண்டும் என்று அழைத்தாள். ஹெட்செட் மக்கர் செய்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், நல்லவள்தான். வங்காள மொழியில் கனிவாகவே பேசினாள்.

“தீதிக்கு யாரும் அதிக வேலை குடுக்காதீங்க. அவங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், அதனாலதான் அவங்களால லீட் பொறுப்ப ஏத்துக்க முடியல. நாமதான் பாத்துக்கணும்.”

பத்துப் பேர் ‘ஆமாம் ஆமாம்’ என்றார்கள். சத்தத்தைக் குறைக்க விரல் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பது வருடம் இந்த ஊரில் கணக்கு எழுதியவர் என் கணவர், என்னைவிட நன்றாக அவருக்கு வங்காளம் புரியும்.

அவர் எழுந்து சட்டை மாட்டினார். டயாலிசிஸ் ஊசி குத்தும் கையை எப்போதும் நான்தான் சட்டைக்குள் நுழைத்துவிடுவேன். கிட்டே போனேன்.

“விடு,” என்றார்.

“அவ தெரியாம பேசறா. அப்படியெல்லாம் இல்ல.”

“வேற எப்படி?”

நிஜமான பதிலைச் சொன்னால், நான்தான் அவர் நோயை என் கையால் எழுதிக் கொடுத்தேன் என்று ஆகும்.

“நீ வேலையப் பாரு,” என்றார். “இனிமே நான் தனியாவே போய்க்கறேன். எதுக்கு உனக்கு இதுவும்?”

கூடவே படியிறங்கினேன். முதல் திருப்பத்தில் அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன். இரண்டு மாடியும் அவர் கம்பியைப் பிடித்து இறங்கும் சத்தம் கேட்டது. இன்றுவரை தனியாகத்தான் போகிறார். அந்த இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருக்கிறேன், அனுமதியோடு.