மீசையை எடுத்த வருஷம்

சித்தூர் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தில் ஆணியடித்து ஒரு சவரக் கண்ணாடி மாட்டியிருந்தோம். ஒரு ஞாயிறு காலை அதன் முன்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் திரும்பியபோது, ஒரு கணம் யாரோ வேற்றாள் போலத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்துப் பழகிய மீசை இல்லை. "இன்னாங்க இது?" என்றேன். "சும்மாதான்" என்று முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று சண்டை ஓயாமல் இருந்த காலம் அது. தாலுகா கச்சேரியில் அவருக்கு வரவேண்டிய பெரிய குமாஸ்தா வேலை, கர்னூலிலிருந்து வந்த ஓர் இளைஞருக்குப் போயிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மகன் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தான். இவையெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

மீசைக்குப் பிறகு நரைக்கு மை வந்தது. வேட்டி போய் பேன்ட் வந்தது. ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். பக்கத்தில் படுத்திருந்தும் தூங்காமல் புரண்டார். ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் திருப்பதிக்குக் கிளம்பி, பொழுது சாய்ந்துதான் திரும்பினார். கோயிலுக்கா என்றால், "இல்ல" என்பதோடு சரி.

புத்தூரிலிருந்து அவருடைய அக்கா வந்தார். தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "எவளோ ஒருத்தி கீறா. நீ பாத்துக்கினு சும்மா கீறியே? நாலு பெரியவங்கள வெச்சுக் கேளு. இல்ல, பின்னாலயே ஆளை அனுப்பு."

எனக்கும் பயம்தான். அவர் சட்டைப் பையில் இரண்டு முறை கை விட்டேன். இரண்டாம் முறை என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அப்புறம் மாறியதை விட்டு, மாறாததைக் கவனித்தேன். மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாறவில்லை. எனக்குத் தலைவலி என்றால் அவரே சுக்கு தட்டிக் கொடுப்பதும் மாறவில்லை. என் கண்ணைப் பார்த்துப் பேசுவதும் மாறவில்லை. ஆளை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மகன் வெளியே போயிருந்த நேரம். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவரைக்காய் முறத்தை நடுவில் வைத்தேன். கை வேலையாக இருந்தால் அவருக்கு வாய் திறக்கும். "உங்கள குத்தம் சொல்லலங்க. எனக்குப் பயமா கீது. வேற யாருனா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையிலிருந்த காய் அப்படியே நின்றது. "ஐயோ, இல்லமே."

"அப்போ இன்னா?"

நாரை உரித்துக்கொண்டே சொன்னார். "எனக்கே தெரியலமே. கண்ணாடியில பாத்தா எங்க நைனா முகம் தெரிஞ்சிது. அதே மீசை, அதே நரை. அவர் நாப்பத்தாறு வயசுல போயிட்டாரு. எனக்கு அடுத்த வருஷம் நாப்பத்தாறு. அவ்ளோதானான்னு இருக்குது."

பிறகு பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். ராஜினாமாக் கடிதம். வேலையை விட்டு மதராஸுக்குப் போய் வேறு ஏதாவது செய்யலாமென்று, திங்கட்கிழமையே கொடுத்துவிட நினைத்ததாகச் சொன்னார்.

நான் கத்தவில்லை. "மீசை உங்களுது, சட்டை உங்களுது. அதுல நான் வரமாட்டேன். வேலை நம்ம மூணு பேரோடது. புள்ளை பரிச்சை முடியட்டும். அப்பவும் இதே எண்ணம் இருந்தா, உக்காந்து பேசலாம். அதுக்குள்ள தூக்கம் வராததுக்கு டாக்டரைப் பாருங்க." அவர் மறுக்கவில்லை. கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

"நாளைக்குத் திருப்பதிக்கு நானும் வரட்டுமா?" என்றேன். வெட்கத்தோடு சிரித்தார்.

திருப்பதியில் ஒரு கல்லூரிக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்; இவரும் சேர்ந்துகொண்டார். பள்ளி நாளில் ஆடி, கல்யாணத்தோடு விட்ட ஆட்டம். மகன் வயதுப் பிள்ளைகள் "அண்ணா, இட்டு வேயண்டி!" என்று, பந்தை இந்தப் பக்கம் போடச் சொல்லித் தெலுங்கில் கூவினார்கள். இவர் பந்துக்குத் தாவி, மண்ணில் விழுந்து, முழங்கையைத் தடவிக்கொண்டே சிரித்தார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு நான் பார்க்காத சிரிப்பு. இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று எனக்கு அழுகை வந்தது. கூடவே, இதைக்கூட என்னிடம் சொல்லக் கூசியிருக்கிறாரே என்று கோபமும் வந்தது. திரும்பும் பஸ்ஸில் இரண்டையும் சொன்னேன். "சிரிப்பியோன்னு நினைச்சேன்" என்றார்.

டாக்டர் உடம்பில் கோளாறில்லை என்றார். நடக்கவும் விளையாடவும் சொன்னார். தூக்கம் உடனே வந்துவிடவில்லை. சில நாள் எரிந்து விழுந்தார்; சில நாள் நானும் எரிந்து விழுந்தேன். மகன் தேர்வு முடிந்தபின் கடிதத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, "மதராஸ் வாணாம்" என்றார். அதற்குப் பதில் திருப்பதிக்கு மாற்றல் கேட்டு எழுதினார். எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது.

அவர் எழுபத்தொன்பது வயது வரை இருந்தார். மீசையை மறுபடி வளர்க்கவில்லை. மையைத் தானாகவே விட்டுவிட்டார். இப்போது அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, திருப்பதி வீட்டில் ஒரு காலை. தன் அப்பா உயிரோடிருந்த நாட்களை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. காப்பியை வாங்கிக்கொண்டவர் குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னைலருந்து நான் எங்க நைனாவுக்கு அண்ணன்மே" என்றார்.