பிடித்து வைத்த ஐந்து சதவீதம்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளை ‘லீக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மொட்டைமாடி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி என்று ஈரம் இறங்கக்கூடாத இடங்களில் கசிவுத் தடுப்பு பூசுவது அவள் தொழில். பன்னிரண்டு ஆட்களை வைத்து, பெரிய கான்ட்ராக்டர்களிடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். கணக்கும் கடிதமும் தங்கை பொறுப்பு. அக்காவுக்கு வாய் நீளம், தங்கைக்குக் கை நீளம், அதாவது எழுதுகிற கை என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த ஐந்து மாடி மருத்துவமனை வேலையில் ஒவ்வொரு பில்லிலும் பத்து சதவீதத்தைக் கான்ட்ராக்டர் பிடித்துக்கொண்டார். அது வழக்கம்தான். வேலையில் குறை வந்தால் ஓடிப்போய்விடக் கூடாது என்பதற்கான பிடிமானம். கட்டடத்தை ஒப்படைத்ததும் பாதியைக் கொடுத்தார். மீதிப் பாதி ஒரு வருடக் குறைதீர்ப்புக் காலம் முடிந்து, உரிமையாளர் இறுதிச் சான்றிதழ் கொடுத்த பிறகு. ஒரு வருடம் போயிற்று. இரண்டு அடைமழை போயிற்று. ஒரு சொட்டு இறங்கவில்லை. சான்றிதழும் வந்துவிட்டதென்று ஊர் முழுக்கத் தெரிந்தது. பணம் மட்டும் வரவில்லை.

நான்கு முறை கான்ட்ராக்டர் அலுவலகத்துக்கு நடந்தாள். நான்கு முறையும் அக்கவுண்டன்ட் நாற்காலியைச் சுழற்றியபடி ஒரே பாட்டைப் பாடினார்.

“எங்களுக்கே ஓனர் ரிலீஸ் பண்ணலம்மா. அவங்க கொடுத்தா மறுநாள் உங்களுக்கு.”

அவளும் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, அதே பாட்டைத் தன் மேஸ்திரியிடமும் பாடினாள். மொட்டைமாடியில் நாற்பது நாள் வெயிலில் குனிந்து, மூலை மூலையாகப் பூச்சு இழுத்தவர் அவர். ஆள் உயரம் என்பதால் எல்லோரும் நெட்டையர் என்பார்கள். குறைதீர்ப்புக் காலம் முடிந்ததும் அவருக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருந்தாள்.

“அண்ணே, எனக்கு வரல, வந்ததும் உங்களுக்குத்தான்.”

நெட்டையர் பூச்சுக் கரணையைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தார்.

“அவன் உனக்குச் சொல்றத நீ எனக்குச் சொல்ற. நான் யாருக்குச் சொல்றது?”

திங்கட்கிழமை அவர் வேறொரு கும்பலோடு சேர்ந்துவிட்டார். இருபது வருடப் பழக்கம். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. யார் மேல் என்று அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. வீட்டில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

ஐந்தாவது முறை போனபோது பாட்டு மாறியிருந்தது. அக்கவுண்டன்ட் ஒரு தாளை நீட்டினார். நான்காம் மாடிக் குளியலறை கசிந்து, மூன்றாம் மாடிக் கூரையில் கறை பிடித்ததாம். சரிசெய்த செலவு, பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்த்து, பிடித்து வைத்ததில் முக்கால்வாசியைக் கழித்திருந்தார்கள்.

“எப்ப கசிஞ்சது?”

“போன மாசம்.”

“எனக்கு யார் சொன்னா? குறை வந்தா எழுத்துல தெரிவிக்கணும், நான் பதினாலு நாள்ல சரிபண்ணணும், பண்ணலன்னாதான் நீங்க கழிக்க முடியும். அக்ரிமென்ட்ல நீங்களே எழுதினது.”

“அதெல்லாம் முதலாளிகிட்ட பேசிக்கோங்க.”

முதலாளி ஊரில் இல்லை. அவர் இருக்கும்போதும் ஊரில் இல்லாதவர்தான்.

அவள் நேராக மருத்துவமனைக்குப் போனாள். பராமரிப்பு இன்ஜினியர் நல்ல மனிதர், ஆனால் வெட்டிப் பேச்சுக்கு நேரமில்லாதவர். குளியலறையின் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்ட அனுமதி கேட்டாள். நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீர் நின்றது. கீழே கறை இருந்த இடம் காய்ந்த அப்பளம் போலக் கிடந்தது. பிறகு இன்ஜினியர் அந்த மூன்றாம் மாடி அறை ஏசியைப் போடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் கூரைப் பலகைக்கு மேலே டொக் டொக் என்று சத்தம். பலகையைக் கழற்றினால், ஏசித் தண்ணீர் போகிற குழாய் சரிவில்லாமல் வயிறு தொங்கி, இணைப்பில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“இது உங்க வேலை இல்ல,” என்று இன்ஜினியர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகிறபோது சாதாரணமாகக் கேட்டார்: “ஆமா, உங்க கணக்கெல்லாம் முடிஞ்சிருக்குமே? பிடிச்சு வெச்சத நாங்க ரிலீஸ் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. சப்-கான்ட்ராக்டர் எல்லாருக்கும் பாக்கி இல்லாம கொடுத்தாச்சுன்னு அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கொடுத்தோம்.”

அவள் காதில் அதன் பிறகு ஒன்றும் ஏறவில்லை. படிக்கட்டில் இறங்கும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தாள். தராமல் இருந்தது ஒரு பக்கம். கொடுத்துவிட்டதாக எழுதியே கொடுத்திருக்கிறான் அந்தக் கான்ட்ராக்டர். அவள் வாயாலேயே நெட்டையரிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் தங்கை கடிதம் அடித்தாள். அக்கா சொன்ன வார்த்தைகளில் பாதியைத் தங்கை அடிக்க மறுத்துவிட்டாள். “இதை எழுதினா அவன் நம்ம மேல கேஸ் போடுவான்,” என்றாள். மிஞ்சியது சுத்தமான கடிதம். வேலை முடிந்த தேதி, சான்றிதழ், இன்ஜினியரின் குறிப்பு, ஒப்பந்த விதி எண், பதினாலு நாள் கெடு, இல்லையென்றால் சட்டப்படி நடவடிக்கை. கீழே, ‘நகல்: கட்டட உரிமையாளர்.’

இந்த முறை முதலாளி ஊரில் இருந்தார். கடிதத்தைப் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. மருத்துவமனையின் இரண்டாவது கட்டடத்துக்கு அவர் டெண்டர் போட்டிருந்தது அவளுக்கும் தெரியும்.

“நகல் அனுப்பிட்டியாம்மா?”

“இன்னும் இல்ல சார்.”

“நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? அடுத்த சைட் வருது. மொத்த வாட்டர்ப்ரூஃபிங்கும் உனக்குத்தான். இந்தப் பாக்கிய அதோட அட்வான்ஸ்ல சேர்த்துத் தந்துடறேன்.”

அவள் உட்காரவில்லை.

“சார், அட்வான்ஸ் நான் செய்யப்போற வேலைக்கு. இது நான் செஞ்சு முடிச்ச வேலைக்கு. என் காச எனக்கே கடனாத் தர்றீங்களா?”

“கோபப்படாதே. தொழில்ல இப்படி நடக்கறதுதான்.”

“எனக்குக் கொடுத்தாச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அதுவும் தொழில்ல நடக்கறதா? அந்தத் தாளை எடுங்க. நான் எங்க கையெழுத்துப் போட்டேன்னு காட்டுங்க.”

பக்கத்து மேசையில் அக்கவுண்டன்டின் நாற்காலி சுழலவில்லை. முதலாளி கடிதத்தை மடித்து அவர் பக்கம் தள்ளினார்.

பதினோராம் நாள் முழுத் தொகையும் வங்கியில் விழுந்தது. கழிவில்லை. வட்டியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மறுநாள் புதிய சைட்டின் வரைபடத்தோடு ஒருவரை அனுப்பினார்கள். அவள் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவு பெரிய வேலையை விட்டால் மூன்று மாதம் திண்டாட வேண்டும் என்று தங்கை கத்தினாள். கத்தியது நியாயம்தான். திண்டாடவும் செய்தார்கள்.

நெட்டையர் வேலை செய்கிற இடத்துக்குப் போய், சொன்ன தொகையை அவர் கையில் கொடுத்தாள். அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“திரும்ப வந்துடுங்கண்ணே.”

“இங்க வாராவாரம் கொடுக்கறாங்க,” என்றார் அவர். சண்டையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது.

அந்த வாரத்திலிருந்து யாரிடமும் ‘எனக்கு வந்ததும் உங்களுக்கு’ என்று அவள் சொல்வதில்லை. கையில் இருந்தால் தருவாள். இல்லையென்றால் இல்லை என்பாள். கோபம் மட்டும் அடங்கவில்லை. அந்த மருத்துவமனையைக் கடக்கும் பஸ்ஸில் ஏறினால், இன்றைக்கும் அவள் எதிர்ப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவாள்.