சத்தம் முந்தி, வாய் பிந்தி

என் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நானும், அவுட்டு என்று என் மனைவியும் பல வருஷமாகக் கட்சி கட்டிக்கொண்டிருந்தோம். சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில், காதைப் பிளக்கும் சத்தத்தில் தகடு அடித்தே ரிட்டயர் ஆனவன் நான். என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் காதில் மிஷின் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு அது வேண்டாம். அதை மாட்டினால் கிழவன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

டிவி சத்தம் பக்கத்து ஊரான முத்தாபுதுப்பேட்டைக்கே கேட்கிறது என்று மனைவி மகனிடம் புகார் சொல்ல, அவன் கம்பியில்லாத ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வந்து, என் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் காவலுக்கு நிறுத்தினான். செட்டாப் பாக்ஸின் ஆடியோ ஓட்டையில் ஒரு சின்ன டப்பாவைச் செருகினான். படம் ஒயரில் டிவிக்குப் போகும். சத்தம் அந்த டப்பாவிலிருந்து நேராக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். மாட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

சத்தம் பிரமாதம். ஆனால் ஒரு சொல் புரியவில்லை. செய்தி வாசிக்கும் பெண் பேசி முடித்த பிறகுதான் அவள் வாய் மூடியது. கைதட்டல் ஒலித்த பிறகு கைகள் சேர்ந்தன.

"ஸ்பீக்கர் கோளாறு," என்றேன்.

"எனுக்கு நல்லாத்தான் கேக்குது. ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல, ஒன் காதுலதான் கீது," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தபடியே. அவள் எந்தக் காலத்தில் டிவியைப் பார்த்தாள்? வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பவளுக்கு வாய் எப்போது அசைந்தால் என்ன? அடுத்த வாரம் காது டாக்டரிடம் போவது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அதற்குள் குற்றவாளி ஸ்பீக்கர்தான் என்று நிரூபித்தாக வேண்டும்.

டிவி மெனுவில் சத்தத்தைத் தள்ளிவைக்கும் இடம் ஒன்று இருந்தது. அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மகனுக்குப் போன் போட்டேன்.

"நைனா, சத்தம் டிவிக்குள்ளயே போவல, அங்க மாத்தி இன்னா ஆவப்போவுது? ஸ்பீக்கர் ரிமோட்டுல டிலேன்னு கீது பாரு, அத்த கொறச்சிடு."

பார்த்தேன். அது ஏற்கெனவே பூஜ்யத்தில் இருந்தது. எனக்குத் திருப்தி. என் வேலைக்காலம் முழுக்க டிலே என்பது கெட்ட வார்த்தை. டிலே என்றால் மெமோ. அது பூஜ்யமாக இருப்பதுதானே ஒழுங்கு? அந்த ஒழுங்கைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வாயும் சொல்லும் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. தாமதமாவது படம். இந்தப் புது டிவி படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று உள்ளே வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறது. சத்தம் சோம்பேறி இல்லை, அவசரக்குடுக்கை. அதை நிறுத்திவைக்க வேண்டும். அதாவது டிலேயைக் கூட்ட வேண்டும்! கூட்டல் பொத்தானை அழுத்தினேன். இன்னும் கொஞ்சம். அளவு மீறி, உதடு மூடிய பின் சொல் வந்தது. பின்வாங்கினேன். கைகள் சேர்ந்த அதே நேரத்தில் கைதட்டல் கேட்டது.

செய்தி வாசிக்கும் பெண் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் கண்ணாடி மாதிரி. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"இங்க வா! காது டாக்டரும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்!"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் சொன்னதை வரி விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அப்போது அந்தப் பெண் மறைந்து, மழைத் தண்ணீர் தேங்கிய தண்டவாளத்தைக் காட்டினார்கள். குரல் மட்டும் பேசிக்கொண்டே போனது. சத்தம் இருந்தது. சொல் இல்லை.

"இன்னா சொல்றா?" என்றேன், என்னை அறியாமல்.

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. இத்தனை வருஷமாக நான் டிவியைக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் அந்த உதட்டைத்தான் என்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறது.

அவள் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. என் பக்கம் முழுசாகத் திரும்பி, நிதானமாகச் சொன்னாள்:

"நாளைக்கே போலாம்யா."

காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் என் முகத்துக்கு நேராக, உதடு தெரியச் சொல்லிவிட்டாள்.