அரைச் சாண் எழுத்து

சின்னாளபட்டியில் நான் சேலைக் கரைக்கு எழுத்து வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த வருடங்களில், கட்டத் தாளில் நான் போட்ட வரைபடத்தைப் பார்த்து, தறியில் மாட்டும் அட்டையில் துளை போடுபவர் என் கணவர்தான். ஒரு கட்டம் ஓர் இழை, ஒரு வரிசைக் கட்டத்துக்கு ஓர் அட்டை. உயரத்துக்கு நாற்பது இழை, அதற்கு மேல் தறியில் கிடையாது. நீளத்துக்கு எத்தனை அட்டை வேண்டுமானாலும் கட்டலாம்.

திருவிழாவுக்கு மாதா சங்கத்துப் பெண்கள் சேலை கேட்டார்கள். கரையில் ‘மரியே வாழ்க’ என்று வர வேண்டும். நன்றாக வந்தால் பள்ளிக்கூட டீச்சர்களுக்கான சேலையும் எனக்கே என்று சங்கத் தலைவி சொல்லியிருந்தார்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே பதினோரு நாள் வரைந்தேன். வளைவு என்பது கட்டத்தில் படிக்கட்டுதான். ‘ழ’வின் வாலை மூன்று முறை அழித்தேன். ஒற்றைக் கட்டத்தில் கோடு போட்டால் நெய்யும்போது அமுங்கிவிடும் என்று எல்லாக் கோடுகளையும் இரண்டு கட்டமாக்கினேன். நானூறு அட்டை வந்தது. ஒரு சாண் நீளம்.

“இம்புட்டு அட்டையா?” என்றார் அவர்.

“கொறைச்சா வாசிக்க முடியாதுங்க.”

“சரி, சரி. எனக்குத் தெரியாதா?”

சேலை வந்த அன்று தலைவியும் இன்னொரு அக்காவும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தலைவி சேலைக் கரையை விரித்து என் முன்னால் போட்டார்.

“இது என்னம்மா, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு?”

“மாதாவுக்கே வாசிக்க வராது” என்றார் அந்த அக்கா.

நெட்டுக் கோடுகளைக் காணவில்லை. ‘ழ’வின் வால் ரம்பப் பல்லாக இருந்தது. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாணுக்குள் வாசகம் இரண்டு தடவை வந்திருந்தது. என் கணவர் ஒன்று விட்டு ஒரு வரிசைக்குத்தான் துளை போட்டிருக்கிறார். இரண்டு கட்டக் கோடு ஒன்றாகிவிட்டது. அவருக்குப் பாதி வேலை மிச்சம். அந்த வாரம் ஒரு கடைக்காரரின் அவசர வேலையை அவர் ஏற்றிருந்தது எனக்குத் தெரியும்.

அவர் வாசலில் நின்றிருந்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“கைப்பிள்ளைக்காரி பாருங்கக்கா. பிள்ளை அழுதிருக்கும், கட்டத்தை விட்டிருப்பா. நான் அவ போட்டபடிதான் குத்துனேன்” என்றார்.

“நீதான் வரைஞ்சியாம்மா?” தலைவி என்னைக் கேட்டார்.

வரைபடம் அவர் அட்டை குத்தும் கடையில் இருந்தது. எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். அவர்கள் முன்னால் கணவரைப் பொய்யர் ஆக்குவதா என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தை அவர் எதிர்பார்த்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“ஆமாக்கா, நான்தான்” என்றேன்.

“பிள்ளை வளரட்டும்மா, பெறகு பார்ப்போம்.”

டீச்சர் சேலைக்கு வேறு யாரோ வரைந்தார்கள். அதற்கும் அட்டை குத்தியது அவர்தான்.