பன்னிரண்டு பெல்ட்டுக்கும் மேற்படி

தக்கலையில் வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தரும் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்தேன். உயரத்தில் ஏறும் பயிற்சி அன்று இனயம் என்ற கடற்கரை ஊர் மாணவர் ஒருவருக்குக் கால் வழுக்கியது. இடுப்பு பெல்ட்டின் கொக்கி சரியாகப் பூட்டாததால் கம்பியிலிருந்து கழன்றுவிட்டது. கை எப்படியோ கம்பியைப் பற்றிக்கொண்டது.

"தப்பிச்சாச்சு சாரே" என்று சிரித்தபடி இறங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கல்யாண அழைப்பிதழ்கள் நான்கை வகுப்புக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை போட்டேன். விபத்து எப்படி நடக்கிறது என்று விளக்கப் புத்தகத்தில் ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டிருப்பார்கள். அதை எங்கள் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? முதல் அட்டை, பழசாகிச் சரியாகப் பூட்டாத கொக்கி. புதியது கேட்டும் மேலாளர் வாங்கித் தரவில்லை. இரண்டாவது, பெயருக்கு நிரப்பிய சோதனைப் பட்டியல். மூன்றாவது, கொக்கியைப் பார்க்கவேண்டிய கூட்டாளி போனில் இருந்தது. நான்காவது, கீழே நின்று வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்த நான். அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை நுழைத்தேன். ஓட்டைகள் விலகியிருந்தவரை அது முட்டி நின்றது. நேராக வந்ததும் நாலையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"கை பிடிச்சதுல்லா சாரே, அது அஞ்சாவது அட்டையா?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

"இல்லை. அது அதிர்ஷ்டம். அதை அட்டையில் சேர்க்காதீர்கள்."

பட்டியலை எடுத்துக் காட்டினேன். முதல் பெல்ட்டுக்கு நேரே 'சரி'. கீழே பதினொன்றுக்கும், பெல்ட்டைப் பார்க்காமலே, 'மேற்படி'. எழுதியது என் கை. அவமானமாக இருந்தது. ஆனாலும் காட்டினேன்.

பிறகு கரும்பலகையில் பிரமிடு வரைந்தேன். உச்சியில் மரணம், அதன் கீழே பெருங்காயம், சிறுகாயம், அதற்கும் கீழே இப்படித் தப்பியவை, அடியில் அன்றாட அலட்சியங்கள். ஒவ்வொரு படியிலும் எத்தனை என்ற எண்ணிக்கை வேலைக்கு வேலை மாறும், மனப்பாடம் செய்யவேண்டாம் என்றேன். அடியில் கிடப்பதெல்லாம் உச்சிக்கு ஏறாது. எது ஏறும் என்று கண்டுபிடிக்கத்தான் தப்பியதை எழுதிவைக்கிறோம். நேற்று நடந்தது ஏறக்கூடியது.

ஆகவே பதிவேட்டில் எழுதினேன், என் பெயரையும் சேர்த்து.

மேலாளருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அடுத்த வாரம் சோதனைக்கு ஆள் வருது. ஒண்ணும் ஆவல்லல்லா? அந்தப் பக்கத்தைக் கிழிச்சிரும். ஒமக்க பேருந்தான் கெடும்."

"என் பேர் இருப்பதால்தான் கிழிக்கமாட்டேன்."

"அப்போ நீரு இங்க இருக்கமாட்டீரு."

"இருக்கிறவரை அந்தப் பக்கமும் இருக்கும்."

அவர் பதிவேட்டைப் பிடுங்கினார். ஆனால் அதற்குள் மாணவர்கள் பன்னிரண்டு பேரும் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்திருந்தார்கள். அதைக் காட்டியதும் கிழித்துப் பயனில்லை என்று அவருக்குப் புரிந்தது. கொக்கிகள் புதிதாக வந்தன. என்னை வெளியே அனுப்பும் பேச்சும் அடங்கியது.

அடுத்த பயிற்சியன்று மேலாளர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார். முதல் பெல்ட்டைப் பார்த்து 'சரி' என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் பேனா தானாகவே இறங்கி 'மே' என்று தொடங்கிவிட்டது.

வரிசையில் இரண்டாவதாக நின்றவர் அன்று வழுக்கியவர். ஏணியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"சாரே, மேற்படி வேண்டாம். எனக்க பெல்ட்ட பாத்துட்டு எனக்க பேருக்கு நேரே எழுதும். அதுவரைக்கும் நான் ஏறமாட்டேன்."