கடைசி வரியில் கேட்டது

எஸ்டேட் ரைட்டர் லாசருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. இருபத்தாறு வருஷமாக எஸ்டேட் கடிதங்கள் எழுதிப் பழகிய கை. முதலில் நன்றி, பிறகு சம்மதம், நலம் விசாரிப்பு, மன்னிப்பு. காரியம் கடைசி வரியில்தான் தலைகாட்டும். ஏற்காட்டில் அவரைவிட மரியாதையாக எழுத ஆள் கிடையாது.

மனைவி அற்புதத்துக்கு இதய வால்வில் கோளாறு. மெட்ராஸ் கிளினிக்கிலிருந்து எஸ்டேட் கம்ப்யூட்டருக்கு ஈமெயில் வந்தது: டாக்டரைப் பார்க்க டிசம்பர் பதினாறு, வியாழன், காலை ஒன்பது மணி, தோதுப்படாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்கவும். அன்றைக்குத்தான் முதலாளி காப்பி மகசூல் பார்க்க வருகிறார். மேனேஜரிடம் லீவு கேட்பதைவிட டாக்டரிடம் வேறு நாள் கேட்பது லாசருக்குச் சுலபமாக இருந்தது. என்ன மனுஷன்!

உடனே பதில் எழுதினார். 'தங்கள் மடல் கிடைத்தது. பதினாறாம் தேதியை மகிழ்ச்சியுடன் உறுதி செய்கிறோம்.' பிறகு பன்னிரண்டு வரி பணிவு. கடைசியில், 'இயலுமானால் இருபதாம் தேதிக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்.'

வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் மேனேஜர் பெரியசாமி கம்ப்யூட்டரை போன் லைனில் இணைப்பார். பதினான்காம் தேதி இணைத்தபோது கிளினிக்கின் பதில் இருந்தது: 'உறுதி செய்தமைக்கு நன்றி. பதினாறாம் தேதி சந்திப்போம்.'

லாசர் அந்த போனிலேயே மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்.

"முதல் வரியிலேயே உறுதின்னு எழுதியிருக்கீங்களே சார்? அதைப் பார்த்துத்தான் குறிச்சோம்," என்றாள் அங்கிருந்த பெண். மடலை எடுத்து முழுவதும் படித்துவிட்டு, "அடடா, கடைசியில கேட்டிருக்கீங்க. இருபது நிறைஞ்சு போச்சு. நாளை மறுநாள் வாங்க, இல்லேன்னா பிப்ரவரிதான் சார்."

நாளை ராத்திரி சேலத்தில் ரயில் ஏறினால் போதும். லாசர் மேனேஜர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க சார், வியாழக்கிழமை ஊட்டுக்காரிய மெட்ராஸ் கூட்டிட்டுப் போவோணுங்க."

பெரியசாமி கணக்குத் தாளிலிருந்து தலை தூக்கவில்லை. "முதலாளி வர்றாருங்களே ரைட்டரே. குடோன் சாவி, பதிவேடெல்லாம் உங்ககிட்டத்தானே இருக்குது? அடுத்த வாரம் தாராளமாப் போங்க."

அடுத்த வாரம் டாக்டரிடம் இடமில்லை, விட்டால் பிப்ரவரிதான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது.

"சரிங்க சார்," என்றார் லாசர்.

வீட்டில் அற்புதம் வியாழக்கிழமைப் பயணத்துக்கென்று துணிப்பையைக் கட்டி, டாக்டரிடம் காட்ட இஞ்செக்ஷன் சீட்டுகளை மேலாக வைத்திருந்தாள். லாசர் விஷயத்தைச் சொன்னார். அவள் சீட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். நாலு எட்டுதான், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிப்ரவரி நொம்பத் தூரமில்லீங்க," என்றாள், மூச்சு வாங்கியபடி. "அது வரைக்கும்... மெதுவா நடந்துக்கறேன்."

லாசர் அதற்கும் சரி என்றுதான் சொன்னார்.